சப்போரோ குளிருக்கு முதல் கோட்: கோலாலம்பூரில் இருந்தபடி எப்படித் தேர்ந்தெடுப்பது

அத்தை மகன் டிசம்பர் முதல் வாரம் ஜப்பானின் சப்போரோவுக்குப் போகிறான், ஓட்டல் சமையலறையில் வேலை. பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்த பையன், இதுவரை அவன் பார்த்த பெரிய குளிர் கேமரன் மலைதான். குளிர்காலக் கோட்டுக்கு அவன் ஒதுக்கிய பணம் 450 ரிங்கிட். நான் அங்கே இரண்டு குளிர்காலம் வேலை பார்த்தவன், முதல் கோட்டைத் தப்பாக வாங்கி ஜனவரி முழுக்க அவதிப்பட்டவன். அவனோடு இரண்டு சனிக்கிழமை கடைகளில் அலைந்ததை வரிசையாக எழுதுகிறேன், வேறு ஊருக்குப் போகிறவர்களும் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

1. எத்தனை டிகிரி என்பதோடு எத்தனை நிமிடம் நிற்கப் போகிறோம் என்பதையும் எழுதுங்கள்

சப்போரோவில் ஜனவரி மாதச் சராசரி மைனஸ் 3 டிகிரி, இரவில் மைனஸ் 6, 7 சாதாரணம். ஒரு குளிர்காலத்தில் விழும் பனியை மொத்தமாகக் கூட்டினால் கிட்டத்தட்ட 5 மீட்டர் வரும். கேட்டவுடன் எல்லோரும் "இருக்கிறதிலேயே தடிமனா ஒண்ணு எடுத்துடு" என்பார்கள். ஆனால் கோட் சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடம்பின் சூட்டை, உள்ளே அசையாமல் நிற்கும் காற்றில் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். நடக்கும்போது உடம்பே நிறையச் சூடு தரும், நிற்கும்போது தராது.

தம்பியின் நாளை எழுதிப் பார்த்தோம். சமையலறைக்குள் வியர்வை. இரவு 11 மணிக்கு வேலை முடிந்து பத்து நிமிட நடை, பிறகு பஸ்ஸுக்காகப் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும். அவன் கோட் வாங்குவது அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான். பஸ்ஸிலும் கடைகளிலும் ஹீட்டர் போட்டிருப்பார்கள், அதனால் உள்ளே நாலு சட்டை அடுக்குவதைவிட, ஏறியவுடன் ஜிப்பைத் திறந்துவிடக்கூடிய ஒரே நல்ல கோட் மேல்.

2. லேபிளில் மூன்று எண்கள், அதில் நாம் தேடுவது ஒன்று

இங்கேதான் நான் ஏமாந்தேன். என் முதல் கோட்டில் பெரிய எழுத்தில் 90% என்று இருந்தது. 90% டவுன் என்றால் நல்ல சூடாக இருக்கும் என்று நினைத்தேன். சுருட்டிச் சின்னப் பைக்குள் போட்டுவிடலாம், எடையே இல்லை, ஆகா என்று வாங்கிவிட்டேன். உள்ளே அடைத்திருந்தது மொத்தம் 70 கிராம்.

டவுன் என்பது வாத்தின் நெஞ்சுப் பகுதியில் இறகுகளுக்கு அடியில் இருக்கும் பஞ்சு போன்ற தூவி. நடுவில் காம்பு இருக்காது. பழைய பாட்டுகளில் அன்னத்தின் தூவி அடைத்த படுக்கை வருமே, அதே பொருள்தான். 90% என்றால் அடைத்ததில் 90 பங்கு தூவி, மீதி 10 பங்கு காம்புள்ள சின்ன இறகு. எவ்வளவு அடைத்திருக்கிறார்கள் என்று அந்த எண் சொல்லவே சொல்லாது.

அடுத்த எண் ஃபில் பவர். ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி உப்பி எத்தனை கன அங்குல இடத்தைப் பிடிக்கிறது என்ற கணக்கு. 600 என்றால் பரவாயில்லை, 700 நல்லது, 800 உயர்ந்த ரகம், விலையும் அப்படியே ஏறும். மூன்றாவது ஃபில் வெயிட், அந்தக் கோட்டுக்குள் மொத்தம் எத்தனை கிராம் தூவி இருக்கிறது என்பது. பொரியை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி எவ்வளவு நன்றாகப் பொரிகிறது என்பது ஃபில் பவர், எத்தனை கிராம் அரிசி போட்டீர்கள் என்பது ஃபில் வெயிட். எவ்வளவு நல்ல அரிசியானாலும் ஒரு பிடி போட்டால் அண்டா நிறையாது.

இரண்டையும் பெருக்கி 28-ஆல் வகுத்தால், உள்ளே எவ்வளவு உப்பல் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தம்பிக்குக் கடைசியில் நின்ற இரண்டு கோட்டை வைத்தே போடுகிறேன்.

முதல் கோட் மாலில் பார்த்தது, 290 ரிங்கிட், இடுப்பு நீளம், ஃபில் பவர் 750, ஃபில் வெயிட் 80 கிராம். 80 பெருக்கல் 750, வகுத்தல் 28, சுமார் 2,100 கன அங்குலம். இரண்டாவது ஆன்லைனில் பார்த்த சீனக் கோட், 310 ரிங்கிட், முழங்காலுக்குச் சற்று மேலே வரும், ஃபில் பவர் 600, ஃபில் வெயிட் 180 கிராம். கணக்குப் போட்டால் சுமார் 3,850.

ரகத்தில் முதல் கோட்தான் உயர்ந்தது. ஆனாலும் குளிரில் இரண்டாவதுதான் தாங்கும்.

3. நீளத்தைச் சேர்க்காமல் கிராமைப் பார்க்காதீர்கள்

2,100 எங்கே, 3,850 எங்கே, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சூடு என்று தம்பி குதித்தான். அப்படி இல்லை. இரண்டாவது கோட்டில் அந்தத் தூவி கூடுதல் துணியில் பரவியிருக்கிறது. கை இரண்டிலும் ஒன்றுதான், உடம்புப் பகுதி மட்டும் 68 செ.மீ.க்குப் பதில் 95 செ.மீ. மொத்தத் துணி சுமார் கால் பங்கு கூடும் என்று வைத்தால், 3,850-ஐ 1.25-ஆல் வகுக்க வேண்டும், 3,080 வருகிறது. அதாவது ஒவ்வோர் இடத்திலும் முதல் கோட்டைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடிமன், அதற்கு மேல் தொடையும் மூடியிருக்கும். இதே காரணத்தால், 120 கிராம் அடைத்த இடுப்புக் கோட் நல்ல சாமானாக இருக்கலாம், 120 கிராம் அடைத்த முழங்கால் கோட் வெறும் ஓட்டையாக இருக்கும்.

நான் என் குட்டைக் கோட்டில் நின்றபோது முதலில் மரத்துப்போனது தொடைதான். ஜீன்ஸ் காற்றைத் தடுக்காது, கீழே திறந்திருக்கும் கோட்டுக்குள் காற்று ஏறி, மேலே சேர்ந்த சூட்டையும் தள்ளிவிடும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு நடுத்தொடையிலிருந்து முழங்கால் வரை சரி. கணுக்கால் வரை நீண்டால் படியேறும்போது கால் சிக்கும், ஓரமெல்லாம் பனி ஒட்டும். பனி அள்ளும் வேலை, லாரி வேலை என்றால் மட்டும் இடுப்புக்குக் கீழே நின்றுவிடுகிற கோட்டும், உள்ளே பஞ்சு வைத்த பேண்ட்டும் எடுங்கள். நீளக் கோட் எடுப்பவர்கள் கீழிருந்தும் திறக்கும் இருவழி ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பஸ்ஸில் உட்காரும் ஒவ்வொரு தடவையும் அடி ஜிப்பில் இழுத்து இழுத்து ஒரே மாதத்தில் பல் போய்விடும்.

4. ஃபில் வெயிட்டை எங்கே தேடுவது

மால்களில் பல கோட்டில் இந்த எண்ணே இருக்காது, விற்பவரும் 90% என்றுதான் காட்டுவார். சீனாவில் விற்கத் தயாராகும் டவுன் கோட்டுகளில் இதைக் குறிப்பிடுவது வழக்கம், அதனால் ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வசதி. பொருளின் பக்கத்தில் இந்த மூன்று எழுத்தைத் தேடுங்கள்:

```
充绒量
```

அடைத்த தூவியின் எடை என்று பொருள். பக்கத்தில் `g` போட்டு ஓர் எண் இருக்கும். அது அளவுக்கு அளவு மாறும், அதனால் எந்தச் சைஸுக்கான எண் என்று கேளுங்கள். இல்லையென்றால் உள் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அந்தக் கடையை விட்டுவிடுவேன் நான்.

இங்கே ஒரு குழப்பம் வரும். பாலியெஸ்டர் பஞ்சு வைத்த கோட்டிலும் 200 கிராம் என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம், மொத்த எடை இல்லை. டவுனின் 200-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். பஞ்சுக் கோட் மட்டம் என்றும் சொல்ல மாட்டேன். தூவி நனைந்தால் கட்டிதட்டிச் சூட்டை விட்டுவிடும், பஞ்சு அந்த அளவுக்கு விடாது. மழையும் குளிரும் சேர்ந்து வரும் இங்கிலாந்து மாதிரி ஊருக்குப் பஞ்சையே எடுக்கலாம். சப்போரோவில் ஜனவரிப் பனி உலர்ந்தது, தட்டினால் உதிர்ந்துவிடும்.

5. கடையில் போட்டுப் பார்ப்பது

மாலின் ஏர்கான் 24 டிகிரியில் எல்லாக் கோட்டும் சூடாகத்தான் இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உள்ளே போடப்போகும் ஸ்வெட்டரைக் கையோடு எடுத்துப் போய் அதன் மேல் போடுங்கள். இரண்டு கையையும் தூக்கினால் மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது. குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுங்கள், உட்காருங்கள். இறுக்கமாக இருந்தால் தூவி நசுங்கி உப்பல் போய்விடும், நீங்கள் காசு கொடுத்ததே அந்த உப்பலுக்குத்தான். அப்புறம் ஒரு மடிப்பைக் கையால் நன்றாக அமுக்கிவிட்டுப் பாருங்கள், சீக்கிரம் எழும்ப வேண்டும். விரலில் ஊசி போல நிறையக் காம்பு குத்தினால் உள்ளே தூவி குறைவு, இறகு அதிகம்.

6. பணம், பண்டல் கடை

450-ஐயும் கோட்டிலேயே போட்டுவிடாதீர்கள். நாங்கள் கோட்டுக்கு 310 வைத்தோம், மீதி 140-இல் காதை மூடும் தொப்பி, கையுறை, இரண்டு ஜோடி தெர்மல். பூட்ஸை இங்கே வாங்கவே இல்லை, பனிக்கட்டியில் பிடிப்புள்ள அடி அந்த ஊர்க் கடைகளில் சரியாகக் கிடைக்கும்.

பணம் இன்னும் குறைவு என்றால் பண்டல் கடைக்குப் போங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய கோட்டுகள் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் கிடைக்கின்றன, 100 ரிங்கிட்டுக்குக் கீழேயே முழங்கால் நீளத்தில் நான் பார்த்திருக்கிறேன். கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். கட்டங்களில் தூவி ஒரு மூலையில் சுருண்டு கிடந்து மீதி இடம் வெளிச்சமாகத் தெரிந்தால் வேண்டாம். கழுத்துப்பட்டையை முகர்ந்து பாருங்கள், நம் ஊர் ஈரத்தில் ஏறிய பூஞ்சை வாடை லேசில் போகாது. ஆனால் பழைய பனி பூட்ஸ் மட்டும் பண்டலில் எடுக்காதீர்கள். பாலியூரித்தேன் அடி நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் பல வருடம் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும், பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், போட்டு நடந்த அன்றே பிஸ்கட் மாதிரி உதிரும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பயணத்துக்கு ஐந்தாறு வாரம் முன்னாலேயே ஆர்டர் போடுங்கள், சைஸ் மாற்ற நேரம் வேண்டும். தம்பிக்கு முதலில் வந்தது தோளில் பிடித்தது, ஒரு சைஸ் பெரிதாக மாற்றியதில் ஃபில் வெயிட்டும் 190 கிராம் ஆகிவிட்டது. இப்போது அலமாரியில் தொங்குகிறது. காற்றை உறிஞ்சி அமுக்கும் பையில் போட்டு வைக்கலாமா என்று அத்தை கேட்டார். கிளம்பும் அன்று பெட்டியில் அப்படி வையுங்கள் அத்தை, அதுவரைக்கும் தொங்கட்டும், போய் இறங்கியதும் அவன் உதறிப் போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.