வேலூர் வீட்டு விலைக்கு ஜிடபிள்யூஆரா, சாதா ரெக்ரெஷனா? முடிவு எடுக்கறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ல வீட்டு விலை டேட்டா கையில கிடைச்சதும் முக்காவாசிப் பேருக்கு முதல்ல தோணறது ஜிடபிள்யூஆர், அதாவது ஜியோகிராஃபிக்கலி வெயிட்டட் ரெக்ரெஷன்தான், அது நியாயமும்கூட. சிஎம்சி பக்கம் தோட்டப்பாளையத்துல ஒரு ரூம் கூடுதலா இருந்தா அதை வைத்தியத்துக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடலாம், காட்பாடியில விஐடி பக்கம்னா ஸ்டூடண்ட்ஸுக்கு விடலாம், அரியூர் தாண்டிப் போனா அதே ரூமுக்கு அந்த மதிப்பு கிடையாது. சாதா ரெக்ரெஷன் ஊர் முழுசுக்கும் ஒரே கோஎஃபிஷியன்ட் தரும். ஜிடபிள்யூஆர் ஒவ்வொரு வீட்டு இடத்துலயும் நின்னு, கிட்ட இருக்கிற வீடுகளுக்கு வெயிட் ஜாஸ்தியும் தூரத்து வீடுகளுக்கு கம்மியும் குடுத்து தனித்தனியா ரெக்ரெஷன் போடும். பிரன்ஸ்டன், ஃபாதரிங்ஹாம், சார்ல்டன் மூணு பேரும் 1996ல எழுதின கட்டுரையிலருந்து இந்தப் பேரு புழக்கத்துக்கு வந்துச்சு. ஆனா ஊர்ல விலை இடத்துக்கு இடம் மாறுதுங்கறது வேற, அதுக்கு ஜிடபிள்யூஆர்தான் வேணும்ங்கறது வேற. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறதாலதான் கீழ சொல்ற தவறெல்லாம் வருது.

முதல் தவறு, ஆர்-ஸ்கொயரை பாத்து முடிவு பண்றது. ஓஎல்எஸ்ல, அதாவது சாதா ரெக்ரெஷன்ல 0.62 வந்துச்சு, ஜிடபிள்யூஆர்ல 0.74 வந்துச்சு, அதனால ஜிடபிள்யூஆர்தான் பெட்டர்னு ரிப்போர்ட்ல எழுதிடறாங்க. ஜிடபிள்யூஆர்ல ஆர்-ஸ்கொயர் ஏறலைன்னாதான் ஆச்சரியப்படணும், ஏன்னா ஒவ்வொரு இடத்துக்கும் கோஎஃபிஷியன்ட்டை வளைச்சுக்க அதுக்கு சுதந்திரம் இருக்கு. அந்த சுதந்திரத்துக்கு என்ன விலை குடுத்தோம்னு கேக்கணும். அந்த விலைக்குப் பேரு எஃபெக்டிவ் பாராமீட்டர் எண்ணிக்கை, அதாவது ஹேட் மேட்ரிக்ஸோட ட்ரேஸ். அதையும் பிழையையும் சேர்த்து எடை போடறது ஏஐசிசி, அது கம்மியா இருக்கிற மாடல்தான் பெட்டர். n வீடுகளோட எண்ணிக்கை, S அந்த ஹேட் மேட்ரிக்ஸ், RSS பிழைகளோட ஸ்கொயர் கூட்டுத்தொகை:

```
AICc = 2n·ln(σ) + n·ln(2π) + n·(n + tr(S)) / (n − 2 − tr(S))
σ² = RSS / n
```

கணக்கு புரியறதுக்காக சில எண்களை நானே வச்சு போட்டுக் காட்டறேன், இது எந்த சர்வேயும் இல்ல. 300 வீடு, லாக் விலை. வேரியபிள் நாலு: கட்டட பரப்பு, மனை பரப்பு, வீட்டோட வயசு, ரோடு அகலம். இன்டர்செப்டோட சேர்த்து ஓஎல்எஸ்க்கு அஞ்சு பாராமீட்டர். ஆர்-ஸ்கொயர் 0.62லருந்து 0.74க்கு ஏறினா பிழை 0.38லருந்து 0.26க்கு இறங்குதுன்னு அர்த்தம், 300 × ln(0.26/0.38) கிட்டத்தட்ட −114. இது லாபம். ஃபார்முலாவோட கடைசி பகுதிதான் தண்டனை, ஓஎல்எஸ்க்கு அது 300×305/293, சுமார் 312. ஜிடபிள்யூஆர்ல ட்ரேஸ் 45னு வந்தா 300×345/253, சுமார் 409. தண்டனை 97 ஏறுது, லாபம் 114, ஆக ஏஐசிசி 17 குறையுது, ஜிடபிள்யூஆர் ஜெயிக்குது. இப்போ ஆர்-ஸ்கொயர் அதே 0.74, ஆனா பேண்ட்வித், அதாவது ஒவ்வொரு இடத்துலயும் கணக்குல எடுத்துக்கற பக்கத்து வீடுகளோட எண்ணிக்கை, சின்னதாயி ட்ரேஸ் 60னு வந்தா என்ன ஆகும்? தண்டனை 454 ஆயிடுது, மொத்தத்துல ஏஐசிசி 28 கூடிடுது, ஓஎல்எஸ் ஜெயிக்குது. அதே ஆர்-ஸ்கொயருக்கு எதிரெதிர் தீர்ப்பு, அதனாலதான் அந்த ஒத்தை நம்பரை நம்பி எழுதாதீங்கன்னு சொல்றேன். ஏஐசிசி வித்தியாசம் 3க்கு கம்மியா இருந்தா ரெண்டும் ஒண்ணுதான்னு எடுத்துக்கறது வழக்கம். ரெண்டு மாடலுக்கும் ஒரே வீடுகள், ஒரே ஒய் இருக்கணும், ஒண்ணுல விலை ஒண்ணுல லாக் விலைன்னு போட்டா ஒப்பிடவே முடியாது.

ஆர்ல GWmodel பேக்கேஜ் வச்சிருந்தா இவ்வளவுதான் வேலை, f உங்க ஃபார்முலா, d கோஆர்டினேட்டோட இருக்கிற ஸ்பேஷியல் டேட்டா:

```r
bw <- bw.gwr(f, data = d, approach = "AICc",
             kernel = "bisquare", adaptive = TRUE)
m <- gwr.basic(f, data = d, bw = bw,
               kernel = "bisquare", adaptive = TRUE)
m$GW.diagnostic   # AICc; enp = 2tr(S) − tr(SᵀS)
```

இதுக்கு முன்னாடி லாட்-லாங்கை மீட்டருக்கு மாத்திடுங்க, வேலூர் யுடிஎம் 44 வடக்கு மண்டலத்துல வருது, EPSG:32644.

என்னைக் கேட்டா இதைவிடப் பெரிய தவறு ரெண்டாவதுதான்: நோஞ்சான் ஓஎல்எஸ்ஸை நிறுத்தி வச்சு அதோட ஜிடபிள்யூஆரை மோத விடறது. மேல இருக்கிற நாலு வேரியபிளையும் மறுபடி பாருங்க, அதுல இடம் சம்பந்தப்பட்டது ரோடு அகலம் தவிர ஒண்ணுமே இல்ல. சிஎம்சி எவ்வளவு தூரம்னு இல்ல, விஐடி இல்ல, பைபாஸ் இல்ல, பாலாத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னும் இல்ல. அந்த ஓஎல்எஸ்க்கு ஊரே தெரியாது, ஜிடபிள்யூஆருக்கு மட்டும் கோஆர்டினேட் வழியா ஊர் தெரியும், அப்புறம் எப்படி அது நியாயமான போட்டி ஆகும்? ஜிடபிள்யூஆர் ஜெயிச்சதுக்கு காரணம் விட்டுப்போன வேரியபிளாவே இருக்கலாம், கோஎஃபிஷியன்ட் நிஜமாவே மாறணும்னு அவசியமில்ல.

சரி, ஓஎல்எஸ்ல அதெல்லாம் சேர்ப்போம். சிஎம்சி தூரம், விஐடி தூரம், பைபாஸ் தூரம், பாலாறு வடகரைன்னு ஒரு 0/1 டம்மி, அந்த டம்மியை கட்டட பரப்போட பெருக்கின இன்டராக்ஷன் ஒண்ணு. இன்டர்செப்டோட பத்து பாராமீட்டர். அதே உதாரணத்துல ஆர்-ஸ்கொயர் 0.70 வந்துச்சுன்னு வைங்க. பிழையில லாபம் 71, தண்டனை சுமார் 11 ஏறுது, ஏஐசிசி பழைய ஓஎல்எஸ்ஸைவிட 60 கம்மி. ஜிடபிள்யூஆர் குறைச்சது 17தான். ஆர்-ஸ்கொயர் 0.74 இருந்த மாடலை 0.70 இருந்த மாடல் 43 புள்ளியில தாண்டிப் போயிடுச்சு.

அதோட நிறுத்தினா ஜிடபிள்யூஆருக்கு அநியாயம் பண்ணிட்டோம்னு ஆயிடும், அதுக்கும் புது வேரியபிள் குடுத்து ஓட்டிப் பாக்கணும். ஆனா எல்லாத்தையும் அப்படியே தூக்கிப் போட முடியாது. காந்தி நகர்ல நின்னு சுத்துவட்டாரத்துல 40 வீடு எடுத்தா எல்லாமே வடகரைதான், டம்மி முழுக்க 1, இன்டர்செப்டும் 1, உள்ளூர் ரெக்ரெஷன் அங்கேயே மாட்டிக்கும். தூரம் மூணையும் சேர்த்துப் போட்டாலும் இதே சிக்கல்தான், ஒரு சின்ன ஏரியாவுக்குள்ள எந்த இடத்துலருந்து தூரம் அளந்தாலும் அது கிட்டத்தட்ட கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு ரெண்டோட நேர்கோட்டு கலவையாத்தான் வரும், அதனால மூணாவது தூரத்துக்கு சொல்ல புதுசா ஒண்ணும் இருக்காது. சிஎம்சி தூரத்தை மட்டும் சேர்த்து ஓட்டி, ட்ரேஸ் 40, ஆர்-ஸ்கொயர் 0.76னு வந்தா ஏஐசிசி பழைய ஓஎல்எஸ்ஸைவிட 55 கம்மி. 60க்கு 55, வித்தியாசம் 3ஐத் தாண்டிடுச்சு, ஓஎல்எஸ்தான் முன்னாடி நிக்குது. உங்க டேட்டாவுல இது தலைகீழாவும் வரலாம், ஆனா இந்த நாலு மாடலையும் ஓட்டாம தீர்ப்பு சொல்லாதீங்க.

மூணாவது, ஒரே பில்டிங் ஃப்ளாட்டுங்க. ஒரு அபார்ட்மென்ட்ல 12 ஃப்ளாட் வித்திருந்தா 12க்கும் ஒரே கோஆர்டினேட். ஒரு ஃப்ளாட்டை வெளிய வச்சு கிராஸ் வேலிடேஷன் பண்ணா மீதி 11 ஃப்ளாட்டும் சேர்ந்து அதோட விலையைச் சொல்லிடும், பிழை அழகா இறங்கும், பேண்ட்வித் 20 பக்கம் சுருங்கும், ஜிடபிள்யூஆர் பிரமாதம்னு தோணும். அது பக்கத்து கதவைப் பாத்து சொன்ன விலை. 300 வீட்டுல பேண்ட்வித் 20 பக்கம் வந்துச்சுன்னா முதல்ல டூப்ளிகேட் கோஆர்டினேட் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. 280, 290னு வந்தா அர்த்தமே வேற, மாடல் ஓஎல்எஸ்ஸை நோக்கி நகர்ந்துடுச்சு. கிராஸ் வேலிடேஷனை ஏரியா ஏரியாவா வெளிய வச்சு பண்ணுங்க: சத்துவாச்சாரி முழுசையும் ஒதுக்கி மீதியில ஃபிட் பண்ணி சத்துவாச்சாரி விலையைக் கேளுங்க, அடுத்து பாகாயம், அடுத்து விருதம்பட்டு. ரெண்டு மாடலுக்கும் அதே பிரிவுதான் இருக்கணும். பக்கத்துல டேட்டா இல்லாத இடத்துல ஜிடபிள்யூஆர் எவ்வளவு தடுமாறுதுன்னு இதுல தெரியும். ஏற்கெனவே விற்பனை நடந்திருக்கிற தெருக்களுக்கு நடுவுல விலை சொல்றது மட்டும்தான் உங்க வேலைன்னா பில்டிங் பில்டிங்கா ஒதுக்கினா போதும்.

விலையை எங்கிருந்து எடுத்தீங்கங்கறதையும் பாருங்க. பத்திரத்துல இருக்கிற விலை பல நேரம் கைட்லைன் வேல்யூவை ஒட்டித்தான் இருக்கும், அந்த வேல்யூவை பதிவுத்துறை தெருவாரியா, சர்வே நம்பர்வாரியா நிர்ணயிக்குது. அந்த டேட்டாவுல ஜிடபிள்யூஆர் போட்டா ரொம்ப நல்லாவே ஃபிட் ஆகும், ஆனா அது கண்டுபிடிக்கறது பதிவுத்துறை போட்ட பட்டியலைத்தான், மார்க்கெட்டை இல்ல.

கடைசியா மேப். கலர் கலரா கோஎஃபிஷியன்ட் மேப் வந்ததும் "இந்த ஏரியாவுல மனை பெருசானா விலை குறையுது"ன்னு எழுதிடறாங்க. ஹவுசிங் போர்டு லேஅவுட் மாதிரி மனைங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவுல இருக்கிற இடத்துல, மனை பரப்போட விளைவை அளக்க உள்ளூர்ல வேறுபாடே இல்ல, கோஎஃபிஷியன்ட் இஷ்டத்துக்கு ஆடும், மைனஸும் ஆகும். `gwr.collin.diagno` ஓட்டி லோக்கல் கண்டிஷன் நம்பர் 30க்கு மேல இருக்கிற இடங்களை மேப்லருந்து எடுத்துடுங்க. டி-வேல்யூ 1.96 தாண்டினாலே போதும்னும் நினைக்காதீங்க, நூத்துக்கணக்கான டெஸ்ட் ஒரே நேரத்துல நடக்குது. டா சில்வாவும் ஃபாதரிங்ஹாமும் 2016ல சொன்ன திருத்தப்படி 0.05ஐ ட்ரேஸ்/பாராமீட்டரால வகுக்கணும். நம்ம முதல் ஜிடபிள்யூஆர்ல 45/5, அதாவது 9ஆல வகுத்தா 0.0056, டி கிட்டத்தட்ட 2.8 தாண்டணும்.

எந்த கோஎஃபிஷியன்ட் நிஜமாவே இடத்துக்கு இடம் மாறுதுன்னு பாக்க `gwr.montecarlo` இருக்கு, வீடுகளோட இடத்தை கலைச்சுக் கலைச்சுப் போட்டு, அப்படிக் கலைச்சாலும் இதே அளவு மாறுமான்னு சோதிக்கும். கட்டட பரப்பு மட்டும் மாறுது மீதி மாறலைன்னு வந்தா, மாறாததை ஊர் முழுசுக்கும் ஒண்ணா வச்சுக்கிற மிக்ஸ்டு ஜிடபிள்யூஆர் போடலாம், இல்ல வேரியபிளுக்கு வேரியபிள் தனி பேண்ட்வித் தர்ற எம்ஜிடபிள்யூஆர் போடலாம். எதுவுமே மாறலை, ஆனா ஓஎல்எஸ் ரெசிடுவல்ல, பக்கத்து வீடுகளோட பிழை ஒண்ணுபோல இருக்கான்னு அளக்கற மோரான் ஐ மட்டும் பெருசா இருக்குன்னா அது ஸ்பேஷியல் எரர் மாடலுக்கான கேஸ், அங்க ஜிடபிள்யூஆருக்கு வேலை இல்ல.