நிறை கூடியது, பாணியின் அளவு கூடவில்லை

வேளை தவறாமல் சோடியம் வல்புரோயேற் பாணி குடுத்தும் மகனுக்கு வலிப்புத் திரும்பியது. காய்ச்சல் இல்லை, போத்தலை மாற்றியும் பலனில்லை. மூன்று நாள் வீண். துண்டின் திகதி முடிந்ததென்று பாமசியில் மருந்து தர மறுத்தபோதுதான் கிளினிக் கொப்பியை ஒழுங்காகப் பார்த்தேன். நிறை 10 கிலோவிலிருந்து 14 ஆகியிருந்தது. மருந்து வரியில் ஒவ்வொரு முறையும் ‘அதே மருந்து’ என்றுமட்டும் இருந்தது.

தொடக்கத்தில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மி.கி. என்று 200 மி.கி. எழுதியிருந்தார்கள். 5 மி.லீற்றரில் 200 மி.கி. உள்ள பாணியில் அது காலை, இரவு 2.5 மி.லீ. இப்போது அதே 200ஐ 14ஆல் பிரித்தால் கிலோவுக்கு 14 மி.கி.தான். மிச்சமிருந்ததோ இரண்டு நாள் மருந்து. திடீரென நின்றால் வலிப்புக் கூடும். நானாகக் கூட்டாமல் அன்றே கணக்கை டொக்டரிடம் காட்டினேன். மகனின் நிறையைப் பார்த்து, வேளைக்கு 3.5 மி.லீ. ஆக்கினார். புதுத் துண்டில் திகதிக்குப் பக்கத்தில் நிறையையும் எழுதுவித்தேன். வலிப்பு நின்றுவிட்டது.