பிள்ளைக்கு முதல் கைப்பேசி: முடிவெடுக்கும் முறையும் செயலிகளின் வயது எண்ணைப் படிக்கும் முறையும்

செயலியைப் பதிவிறக்கும் பக்கத்தில் 3+, 12+ என்று ஓர் எண் இருக்கும். அந்த வயதுப் பிள்ளைக்கு அந்தச் செயலி ஏற்றது என்று பெற்றோர் பலர் அதைப் புரிந்துகொள்கிறார்கள். அந்த எண் அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. கைப்பேசி கொடுக்கலாமா என்ற கேள்வியும் எந்தச் செயலியை அனுமதிக்கலாம் என்ற கேள்வியும் வெவ்வேறானவை என்பதால், அவற்றை இந்த வரிசையில் தனித்தனியாகத் தீர்த்துக்கொள்வது நல்லது.

படி 1: எதற்காகக் கைப்பேசி என்பதை எழுதுங்கள்

பிள்ளை கைப்பேசியில் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். "வகுப்பு முடிந்ததும் அழைக்க வேண்டும்" என்பது மட்டுமே அதில் இருந்தால் இணையம் இல்லாத பட்டன் போன் போதும். இப்போதைக்குச் செயலிகளைப் பற்றிய பேச்சே எழாது. குறிப்பிட்ட ஒரு செயலி வேண்டும் என்று எழுதியிருந்தால் மட்டும் அடுத்த படிகள் தேவைப்படும்.

படி 2: வீட்டுக் கைப்பேசியில் சில வாரம் கவனியுங்கள்

பிறந்தநாளை வைத்து முடிவெடுப்பதைவிட, உங்கள் கைப்பேசியையே நாள்தோறும் சிறிது நேரம் கொடுத்துப் பிள்ளையின் நடத்தையைக் கவனிப்பது அதிகம் சொல்லித்தரும். நேரம் முடிந்ததும் பாதி விளையாட்டில் நிறுத்தித் திருப்பித் தர முடிகிறதா? பணம் கேட்கும் பொத்தான் வந்தால் அழுத்துமுன் கேட்கிறதா? இவை முதல் சில நாட்களிலேயே தெரிந்துவிடும்.

இவற்றைவிட நான் முக்கியமாகக் கருதுவது, சங்கடமான ஒன்று திரையில் வரும்போது பிள்ளை என்ன செய்கிறது என்பதைத்தான். "இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் உன் அம்மாவுக்குக் கெட்டது நடக்கும்" என்ற வகைச் செய்தி சிறுவர் குழுக்களில் அடிக்கடி சுற்றுகிறது. அதைப் படித்த பிள்ளை பயந்தாலும் பரவாயில்லை. கைப்பேசியை எடுத்துவந்து உங்களிடம் காட்டினால் அது தயார்நிலைக்கு நல்ல அடையாளம். எவருக்கும் சொல்லாமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு இரவில் தூங்காமல் கிடந்தால், வயது பதினான்கே ஆனாலும் சிறிது காலம் காத்திருப்பதே சரி. காட்டினால் கைப்பேசி பறிபோய்விடும் என்று அஞ்சும் பிள்ளை மறைக்கவே செய்யும். ஆகவே காட்டியதற்காகக் கைப்பேசியைப் பிடுங்குவதில்லை என்பதை நீங்கள் முதலிலேயே சொல்லி, சொன்னபடி நடக்க வேண்டும்.

படி 3: ஒரு செயலிக்கு இரண்டு வயது எண்கள் உண்டு

முதலாவது, பதிவிறக்கும் பக்கத்தில் தெரியும் மதிப்பீடு. செயலியை உருவாக்கியவர் வன்முறை, பாலியல், சூதாட்டம் போன்றவற்றைப் பற்றிய கேள்விப் பட்டியலுக்கு அளிக்கும் பதில்களிலிருந்து அது கணிக்கப்படுகிறது. பல நாடுகளில் பிளே ஸ்டோர் 3, 7, 12, 16, 18 என்ற வரிசையில் அதைக் காட்டும். ஆப் ஸ்டோரில் இருந்த 12+, 17+ ஆகியவை 2025இல் மாற்றப்பட்டு, இப்போது 4+, 9+, 13+, 16+, 18+ என்ற வரிசை இருக்கிறது. செயலிக்குள் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்பதையே இந்த எண் முதன்மையாக அளக்கிறது. அங்கே முன்பின் தெரியாத ஒருவர் நாளை பிள்ளைக்கு என்ன எழுதுவார் என்பதை எந்த மதிப்பீடும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இரண்டாவது, செயலியின் பயன்பாட்டு விதிமுறைகளில் உள்ள குறைந்தபட்ச வயது. அது பெரும்பாலும் 13 ஆக இருப்பதற்குக் காரணம் அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட சிறார் இணையத் தனியுரிமைச் சட்டம். 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் தகவல்களைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று அது கூறுவதால், பல நிறுவனங்கள் அந்த வயதையே எல்லையாக வைத்துக்கொண்டன. 13 வயதில் பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிடும் என்று எவரும் ஆராய்ந்து வைத்த எண் இல்லை அது. இடத்துக்கு இடம் இது மாறவும் செய்யும்: வாட்ஸ்அப் ஐரோப்பாவில் 2018 முதல் 16 என்று வைத்திருந்து, 2024 ஏப்ரலில் 13 ஆகக் குறைத்தது, ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் முதல் முக்கியமான சமூக ஊடகங்களில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் கணக்கு வைத்திருக்க முடியாது.

இரண்டு எண்களையும் பார்த்து, பெரியதையே கீழ் எல்லையாகக் கொள்ளுங்கள். பிளே ஸ்டோரில் மதிப்பீட்டைத் தொட்டால் விவரம் விரியும். அதில் `Users Interact` என்று இருந்தால், எண் 3 ஆகவே இருந்தாலும் உள்ளே பிறரோடு பேசவோ பகிரவோ வழி உண்டு என்று பொருள்.

படி 4: பிறந்த ஆண்டை மாற்றாதீர்கள்

கணக்குத் திறக்க முடியவில்லை என்றதும் பெற்றோரே பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுப்பது பரவலாக நடக்கிறது. அதன் விளைவு பிற்பாடுதான் வரும். 2015இல் பிறந்த பிள்ளைக்கு 2025இல், 2012இல் பிறந்ததாகப் பதிந்து கணக்குத் திறந்தால், 2030இல் பிள்ளைக்கு 15 வயதாகும்போது கணக்குக்கு 18 ஆகிவிடும். இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய பதின்வயதுக் கணக்கு தானாகவே பிறர் பார்வைக்கு மூடியிருக்கும். அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோரின் அனுமதி வேண்டும். மூன்று ஆண்டுகளைக் கூட்டிப் பதிந்தவர், அந்தப் பாதுகாப்பும் மூன்று ஆண்டுகள் முன்னதாகவே விலகிப்போகும்படி செய்துவிடுகிறார்.

படி 5: ஓர் எடுத்துக்காட்டு

பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி. விளையாட்டுக் குழுவின் அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன என்பதால் அவள் கைப்பேசி கேட்கிறாள். அதன் விதிமுறை 13 என்கிறது. அவள் வயது போதாது. ஆனால் தாளில் எழுதிப் பார்த்தால் அவளுக்குத் தேவையானவை இரண்டே: பயிற்சி நேரம் தெரிய வேண்டும், முடிந்ததும் வீட்டை அழைக்க வேண்டும். முதலாவதற்கு அம்மாவின் எண்ணைக் குழுவில் சேர்த்து, மாலையில் இருவரும் சேர்ந்து படிக்கலாம். இரண்டாவதற்குப் பட்டன் போன் போதும்.

அவளுக்கு 13 ஆகி, இரண்டாம் படியிலும் நம்பிக்கை ஏற்பட்டால், ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கொடுக்கும் நாளிலேயே இவற்றைச் செய்யுங்கள். சரியான பிறந்த தேதியுடன் அவள் பெயரில் கூகுள் கணக்குத் திறந்து, உங்கள் கைப்பேசியிலுள்ள ஃபேமிலி லிங்க் செயலியோடு இணைத்து, எந்தப் பதிவிறக்கத்துக்கும் உங்கள் ஒப்புதல் தேவை என்று அமையுங்கள். வயது எண்ணை மட்டும் வைத்து வடிகட்டினால் 3+ என்ற பெயரில் அரட்டைச் செயலிகளும் உள்ளே வந்துவிடும்; ஒவ்வொன்றையும் நீங்கள் பார்த்து ஒப்புதல் தருவதுதான் பலன் தரும். பிறகு வாட்ஸ்அப்பில் இந்த இடத்துக்குச் செல்லுங்கள்:

```
Settings > Privacy > Groups > My contacts
```

இதன்பின், அவளுடைய தொடர்புப் பட்டியலில் இல்லாதவர் அவளை நேரடியாக ஒரு குழுவில் சேர்க்க முடியாது. அழைப்பை மட்டுமே அனுப்ப முடியும். பட்டியலில் உள்ள தோழி சேர்க்கும் குழுவில் அறியாதவர்கள் இருப்பதை இந்த அமைப்பு தடுக்காது. ஆகவே முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை அவளோடு அமர்ந்து குழுக்களின் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். "இவர் யார்?" என்ற கேள்விக்கு அவளால் பதில் சொல்ல முடியாத எண்கள் உள்ள குழுவிலிருந்து வெளியேறுவது என்று இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.