விற்பனையை ஏற்றியும் பிட்டிங் ஃபார்மையே துரத்துகிறதா?

ஆஃப்லைன் விற்பனையைக் கூகுள் ஆட்ஸில் ஏற்றத் தொடங்குபவர்கள் பலரும் ஒரே மாதிரி இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஃபைலில் தலைப்பு மாறிப்போவது போன்றவற்றை விடுங்கள், அப்லோட் செய்ததுமே பிழை காட்டிவிடும். சத்தமே இல்லாமல் பணத்தைத் தின்னும் தவறுகள்தான் எனக்கு எரிச்சல்.

ஃபார்மும் விற்பனையும் சேர்ந்தே Primary

எல்லாம் சரியாக ஏறுகிறது, ஆனால் தரமான லீட் வரவில்லை என்று ஒருவர் தன் கணக்கைக் காட்டினார். ஏற்றியதில் குறையே இல்லை. ஆனால் பழைய ஃபார்ம் கன்வெர்ஷன் 5,000 மதிப்போடு அப்படியே Primary-யாக, அதாவது பிட்டிங் குறிவைக்கும் கன்வெர்ஷனாக இருந்தது. புதிய விற்பனையும் Primary.

இது என்ன செய்யும் என்று பார்ப்போம். இரண்டு கேம்பெய்ன், ஒரே செலவு, ஒரு விற்பனை 50,000. முதலாவதில் 100 ஃபார்ம், 2 விற்பனை. இரண்டாவதில் 20 ஃபார்ம், 6 விற்பனை. உண்மையான வருமானம் முதலாவதில் 1,00,000, இரண்டாவதில் 3,00,000. பிட்டிங் கண்ணுக்குத் தெரிவதோ 6,00,000-மும் 4,00,000-மும். அது முதலாவதுக்குத்தான் பணத்தைக் கொட்டும். கொட்டியது.

கண்டுபிடிப்பது எளிது. கேம்பெய்ன் அட்டவணையை Conversion action வாரியாகப் பிரித்து, Conv. value-வில் ஃபார்ம் எவ்வளவு சேர்க்கிறது என்று பாருங்கள். பூஜ்யமாக இல்லையென்றால் அதை Secondary ஆக்குங்கள், பிட்டிங் அதைக் கணக்கில் எடுக்காது. எண்ணிக்கை All conv.-இல் தொடர்ந்து தெரியும்.

ஆனால் அதை முதல் நாளே செய்யாதீர்கள். முதலில் விற்பனையை Secondary-யாக வைத்துச் சில வாரம் ஏற்றுங்கள், தரவு சேரட்டும், அப்புறம் இரண்டையும் மாற்றுங்கள். விற்பனை மிகக் குறைவு என்றால், சேல்ஸ் ஆட்கள் தகுதியானது என்று குறித்த லீடை Primary ஆக்கலாம். பத்தில் ஒன்று விற்பனையாகிறது என்றால் அதன் மதிப்பு 5,000. அப்போது விற்பனையை Secondary-யில் விடுங்கள், இல்லாவிட்டால் பழைய கதைதான்.

இன்னொரு பொறி: ஏதாவது Custom goal-இல் அந்த ஃபார்ம் இருந்தால், Secondary என்று குறித்திருந்தாலும் அந்தக் கேம்பெய்னின் பிட்டிங் அதை எடுத்துக்கொள்ளும். அதையும் திறந்து பாருங்கள்.

மாதக் கடைசியில் மொத்தமாக ஏற்றுவது

விற்பனை, கிளிக் நடந்த நாளின் கணக்கில்தான் விழும். ஏற்றாத வாரங்கள் வெறிச்சோடித் தெரியும், பிட்டிங் நல்ல கிளிக்கையும் மட்டமாக எடை போடும். தினமும் ஏற்றுங்கள்.

GCLID-ஐச் சிறிய எழுத்தாக மாற்றும் சி.ஆர்.எம்.

GCLID என்பது ஒவ்வொரு கிளிக்குக்கும் கூகுள் தரும் அடையாளக் குறி; அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் பொருந்தாது. முதலில் சி.ஆர்.எம்.-இல் உள்ள ஒன்றை, கிளிக்கில் வந்த அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

90 நாள் தாண்டிய கிளிக்

ஏறாது. விற்பனை முடிய அதற்கு மேல் ஆகுமென்றால், தகுதியான லீட் போல விற்பனைக்கு முந்தைய கட்டம் ஒன்றை ஏற்றுங்கள்.