ரவுட்டர் அப்டேட் என்று திரையில் வந்தால்

‘உங்கள் ரவுட்டரின் ஃபர்ம்வேர் பழையது, உடனே புதுப்பிக்கவும்’ என்று, அதாவது ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லி, ஏதேனும் வலைத்தளத்தில் பெட்டி எழுந்தாலோ மின்னஞ்சல் வந்தாலோ, அதைத் தொடாமல், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) உலாவியில் நீங்களே தட்டச்சு செய்து, உள்நுழைந்து பாருங்கள். உண்மையான புதுப்பிப்பு அந்தப் பக்கத்திலோ தயாரிப்பாளரின் செயலியிலோ அதிகாரப்பூர்வ வலைத்தளத்திலோதான் தெரியும். நீங்கள் படிக்க வந்த செய்தித்தளத்துக்கு உங்கள் ரவுட்டரில் எந்தப் பதிப்பு ஓடுகிறதென்று தெரிய வழியில்லை. வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டாலோ, .exe அல்லது .apk கோப்பை நிறுவச் சொன்னாலோ அது நிச்சயமாகப் போலி.

இணைய இணைப்பு நிறுவனம் கொடுத்த ரவுட்டர் பலவற்றை அந்த நிறுவனமே தொலைவிலிருந்து புதுப்பிக்கும் என்பதால், அவற்றில் நீங்களே புதுப்பிக்கும் வசதி காணப்படாமல் போகலாம். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் அதே பெட்டி தோன்றினால், வலைத்தளப் பெயரைக் கொண்டு அதன் முகவரியைக் கண்டறியும், ரவுட்டரின் டிஎன்எஸ் அமைப்பே மாற்றப்பட்டிருக்கக்கூடும். அப்போது ரீசெட் செய்து நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவதே முதல் வேலை.