வானத்தில் வரி வரியாகத் தெரிவது ஏன்? பேண்டிங்கைப் போக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

அந்தி வானத்தை வீடியோ எடுத்திருக்கிறீர்கள். நேரில் பார்த்தபோது ஆரஞ்சு நிறம் எங்கே முடிந்து நீலம் எங்கே தொடங்கியது என்றே சொல்ல முடியவில்லை. திரையிலோ வானம் படிக்கட்டு போல வளையம் வளையமாகத் தெரிகிறது. இதைத்தான் பேண்டிங் என்கிறோம். இதற்குக் காரணம் பிட் டெப்த் என்று பலருக்கும் தெரியும். ஆனால் தெரிந்தபின் செய்கிற வேலைகள்தான் பல நேரம் அதை இன்னும் மோசமாக்குகின்றன.

முதலில் கொஞ்சம் கணக்கு. 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். 10 பிட்டில் 1024. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களையும் சேர்த்துப் பெருக்கினால் 8 பிட்டிலேயே 1.68 கோடி வண்ணங்கள் வரும். "இவ்வளவு இருந்தும் போதவில்லையா?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கோடிக் கணக்கு இங்கே உதவாது. ஒரு வானம் அத்தனை வண்ணங்களையும் பயன்படுத்துவதில்லை, மிகக் குறுகிய ஒரு துண்டை மட்டுமே பயன்படுத்துகிறது.

உதாரணத்துக்கு, 1080 பிக்சல் உயரமுள்ள படத்தில் வானம் 900 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அடிவானத்தில் மதிப்பு 140, உச்சியில் 110. இடையில் 30 படிகள். 900 பிக்சலை 30 படிகள் பங்கிட்டுக்கொண்டால், ஒவ்வொரு படியும் 30 பிக்சல் தடிமனுள்ள ஒரு பட்டை. ஒரு எண் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது என்று நினைப்போம். ஆனால் இரண்டு தட்டையான பரப்புகள் சந்திக்கும் விளிம்பை நம் கண் மிகைப்படுத்திக் காட்டும். வெளிச்சமான பக்கம் விளிம்பருகே இன்னும் வெளிச்சமாகவும், இருண்ட பக்கம் இன்னும் இருட்டாகவும் தோன்றும். எர்ன்ஸ்ட் மாக் 1865இல் விவரித்த இந்த விளைவுக்கு மாக் பட்டைகள் என்றே பெயர். பட்டை மெலிந்து, படி சின்னதானால்தான் கண்ணுக்கு வானம் சீராகத் தெரியும்.

இருட்டுக் காட்சிகளில் நிலைமை இன்னும் மோசம். வழக்கமான வீடியோவில் கருப்பு 16இலும் வெள்ளை 235இலும் இருக்கும். மங்கலான அறைச் சுவர் ஒன்று 18 முதல் 26 வரை மட்டுமே போகிறது என்றால் மொத்தம் 8 படிகள்தான். 1920 பிக்சல் அகலத்தில் ஒவ்வொரு பட்டையும் 240 பிக்சல்! அதோடு, எண்ணைத் திரையின் ஒளியாக மாற்றும் விதிக்குக் காமா என்று பெயர். டிவி பயன்படுத்தும் 2.4 காமாப்படி 125இலிருந்து 126க்குப் போனால் ஒளி ஏறத்தாழ 2 சதவீதம்தான் கூடும். 24இலிருந்து 25க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவர் கண்ணில் அந்தப் படி படாமல் இருக்குமா?

சரி, இனி தவறுகளுக்கு வருவோம்.

நான் அடிக்கடி காண்பது, எடிட்டிங்கில் கான்ட்ராஸ்டை இழுத்துவிட்டு, பட்டை தெரிந்ததும் கோப்பை 10 பிட்டாக மாற்றுவது. மேலே சொன்ன வானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கான்ட்ராஸ்டை இரண்டு மடங்காக்கினால் மதிப்பு 30 எண்களுக்குப் பதில் 60 எண்களில் பரவும். ஆனால் படிகள் அதே 30தான். ஒவ்வொரு படியும் இப்போது 2 எண் தாண்டுகிறது. எந்த மதிப்பில் எத்தனை பிக்சல் என்று காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் சீப்பின் பற்கள் போல ஒரு கோடு, ஓர் இடைவெளி என்று நிற்கும். அதன்பின் 10 பிட்டாகச் சேமித்தால் சீப்பு பெரிதாகுமே தவிர, பல்லுக்கு நடுவில் எதுவும் முளைக்காது. படமெடுக்கும்போது பதியாத இடைமதிப்புகள் அந்தக் கோப்பில் இல்லவே இல்லை.

அதே வானத்தை 10 பிட்டில் எடுத்திருந்தால் 120 படிகள் கிடைத்திருக்கும். இரண்டு மடங்கு இழுத்து, கடைசியில் 8 பிட்டுக்கு இறக்கினாலும் 60 படிகள். ஒவ்வொன்றும் 15 பிக்சல், ஒரே ஓர் எண் வித்தியாசம். லாக் ப்ரொஃபைலில் 8 பிட்டாக எடுப்பது ஏன் ஆபத்து என்பதும் இதிலிருந்தே விளங்கும். லாக் படம் இழுக்கப்படுவதற்காகவே தட்டையாகப் பதியப்படுகிறது. கேமராவில் 8 பிட் மட்டும்தான் உண்டு என்றால் லாக்கை விட்டுவிட்டுச் சாதாரண ப்ரொஃபைலில் எடுப்பதே நல்லது. புகைப்படத்திலும் இதே கதைதான். ஜேபெக் 8 பிட், ரா கோப்பு பெரும்பாலும் 12 அல்லது 14 பிட். வானத்தைத் திருத்தும் எண்ணம் இருந்தால் ராவிலேயே திருத்திவிட்டு, கடைசியில் ஜேபெக் ஆக்குங்கள்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம் சொல்லிவிடுகிறேன். 8 பிட் மூலத்தை 16 பிட் திட்டத்தில் வைத்து எடிட் செய்வது வீண் வேலை அல்ல. இழந்தது திரும்பி வராது, ஆனால் அடுத்தடுத்துச் செய்யும் ஒவ்வொரு திருத்தத்திலும் எண்கள் முழுமையாக்கப்பட்டுப் புதிய பிழை சேர்வது நிற்கும். மாற்றுவதைத் தொடக்கத்தில் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த தவறை நானே செய்திருக்கிறேன். இரவில் எடுத்த ஒரு காட்சியில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் இருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று டீநாய்ஸ் போட்டு நன்றாகத் துடைத்துவிட்டேன். புள்ளிகள் போய்விட்டன, அதுவரை இல்லாத பட்டைகள் வந்துவிட்டன. அந்த நாய்ஸ்தான் பட்டைகளை மறைத்துக்கொண்டிருந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது.

எப்படி மறைக்கிறது? உண்மையான மதிப்பு 120.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பிட்டில் கால் கிடையாது, எல்லாப் பிக்சலும் 120 ஆகிவிடும். ஆனால் முழுமையாக்குவதற்கு முன் கொஞ்சம் நாய்ஸ் கலந்தால், நான்கு பிக்சலில் மூன்று 120 ஆகவும் ஒன்று 121 ஆகவும் விழும். தள்ளி நின்று பார்க்கும் கண் அவற்றைச் சராசரியாக்கி 120.25 என்றே பார்க்கும். வேண்டுமென்றே இப்படி நாய்ஸ் கலப்பதுதான் டிதரிங். படத்துக்கு இதைப் பயன்படுத்தும் முறையை லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1962லேயே எழுதிவிட்டார். ஆகவே டீநாய்ஸ் செய்ய வேண்டுமென்றால் 10 பிட் அல்லது 16 பிட்டில் செய்துவிட்டு, 8 பிட்டுக்கு இறக்கும்போது டிதர் போடுங்கள், அல்லது கொஞ்சம் க்ரெய்ன் சேருங்கள். பட்டைகளின் மேல் ப்ளர் போடுவதும் சிலர் வழக்கம். 8 பிட்டிலேயே ப்ளர் போட்டால் இரண்டு பக்கமும் 120, 121 என்று இருக்கும் விளிம்புக்கு நடுவில் வைக்க வேறு எண்ணே கிடையாது. விளிம்பு கொஞ்சம் நகருமே ஒழிய மறையாது.

இவ்வளவும் சரியாகச் செய்தும் ஏற்றுமதியில் எல்லாம் கெட்டுப்போகலாம். வீடியோ கம்ப்ரெஷன் படத்தைக் கட்டங்களாகப் பிரித்து வேலை செய்கிறது. எச்.264இல் 16×16 பிக்சல், எச்இவிசியில் 64×64 வரை. ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கமான, வலுவில்லாத வேறுபாடுகளைத்தான் முதலில் தூக்கி எறியும். நாம் கஷ்டப்பட்டுப் போட்ட டிதர் என்பது ஓர் எண் அளவுள்ள நுணுக்கமான வேறுபாடு. ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் தரவின் அளவான பிட்ரேட் குறைந்தால் அதுதான் முதல் பலி. கட்டம் முழுவதும் ஒரே மதிப்பாகிவிடும், பக்கத்துக் கட்டம் வேறொரு மதிப்பாகும். இருட்டுக் காட்சியில் சதுரம் சதுரமாக நெளிவது இப்படித்தான். இது பேண்டிங்கின் உறவுக்காரன், ஆனால் வேறு நோய்.

இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மருந்து கொடுப்பது பெரிய தவறு. வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கிப் பாருங்கள். பட்டைகள் ஒளியின் போக்கை ஒட்டி வளைந்து போனால் படிகள் பற்றவில்லை என்று பொருள். நேர்கோட்டு விளிம்புள்ள சதுரங்கள் என்றால் பிட்ரேட் பற்றவில்லை. மூலக் கோப்பில் இல்லாமல் ஏற்றுமதியில் மட்டும் இருந்தால் குற்றவாளி என்கோடர். எந்தக் கோப்பைத் திறந்தாலும், கணினியிலேயே வரைந்த மென்மையான கிரேடியன்ட்டில்கூட, இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறித் தெரிந்தால் திரையையோ அதன் நிறத் திருத்த அமைப்பையோ சந்தேகியுங்கள். மானிட்டரை மாற்றும் எண்ணம் இந்தச் சோதனைக்குப் பிறகு வந்தால் போதும்.

கோப்பு உண்மையில் எத்தனை பிட் என்பதை, ffmpeg என்ற இலவச மென்பொருளோடு வரும் ffprobe கட்டளையால் இப்படிப் பார்க்கலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=pix_fmt -of default=nw=1 in.mov
```

`yuv420p` என்று வந்தால் 8 பிட். `yuv420p10le`, `yuv422p10le` போல 10 என்ற எண் இருந்தால் 10 பிட். ஆனால் இது பெட்டியின் அளவை மட்டுமே சொல்லும். 8 பிட்டை 10 பிட்டாக மாற்றிய கோப்பும் இதையேதான் காட்டும். உள்ளே இருப்பது அசல்தானா என்று அறிய அந்தச் சீப்பு ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்க வேண்டும்.

10 பிட் மூலத்தை ஏற்றுமதி செய்ய நான் பயன்படுத்துவது:

```
ffmpeg -i in.mov -c:v libx265 -pix_fmt yuv420p10le -crf 18 -x265-params aq-mode=3 -c:a copy out.mkv
```

`aq-mode=3` இருட்டுப் பகுதிகளுக்குக் கூடுதல் பிட்களை ஒதுக்கும். `crf` எண்ணைக் குறைத்தால் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். க்ரெய்ன் நிறைய இருக்கும் படமென்றால் அளவு நன்றாகவே ஏறும், அதைத் தவிர்க்க வழியில்லை.

மூலமே பட்டை விழுந்த 8 பிட் என்றால் `-c:v`க்கு முன்னால் இதைச் சேர்க்கலாம்:

```
-vf format=yuv420p10le,deband
```

வரிசை முக்கியம். முதலில் 10 பிட்டாக்கினால்தான் டீபேண்ட் நிரப்பும் இடைமதிப்புகளுக்கு இடம் இருக்கும். இது இழந்ததை மீட்பதல்ல, ஊகித்து நிரப்புவது. அதிகமாகப் போட்டால் மேகத்தின் மெல்லிய இழைகளையும் பட்டை என்று நினைத்து வழித்துவிடும்.

வெறுமனே பார்ப்பவர் என்றால் இத்தனை பாடு வேண்டாம். mpv பிளேயரில் படம் ஓடும்போது `b` விசையை அழுத்தினால் டீபேண்ட் இயங்கும், மறுபடி அழுத்தினால் நின்றுவிடும். மாற்றி மாற்றி அழுத்தி வானத்தைப் பாருங்கள். எது பட்டை, எது மேகம் என்பது அங்கேயே பிடிபடும்.