தூளி ஆட்டாமல் தூங்கப் பழக்குவது எப்படி?

ஒன்பது மாதத்தில் எங்கள் மகள் இரவில் நான்கைந்து முறை எழுவாள். பசி இல்லை, தூளியை ஆட்டினால் உடனே கண் சொக்கிவிடும். குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை லேசாகும். தூங்கப் போனபோது இருந்த ஆட்டம் அப்போது நின்றிருந்தால், விழித்து அழும். அதனால் நடுராத்திரி அழுகைக்கான வைத்தியம் ராத்திரி எட்டு மணிக்கே தொடங்க வேண்டும்.

ஆறு மாதமாவது ஆகட்டும். காய்ச்சலோ ஊசி போட்ட வாரமோ என்றால் தள்ளிப்போடுங்கள்.

முதலில், பால் கொடுப்பதைத் தூக்கத்திலிருந்து பிரியுங்கள். பால், உடம்பு துடைத்தல், விளக்கணைத்துத் தாலாட்டு, அப்புறம் தூளி. தினமும் இதே வரிசை.

அடுத்தது ஆட்டத்தைக் குறைப்பது. முதல் மூன்று இரவும் இமை கனக்கும் வரை மட்டும் ஆட்டி நிறுத்தி, தூளிக்கு வெளியிலிருந்தே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். முதல் நாள் இருபது நிமிடம் சிணுங்கினாள். "ஆட்டினால் தூங்கிடுவாளே, எதுக்கு இந்தப் பாடு?" என்றார் என் அம்மா. நியாயமான கேள்விதான். ஆனால் அவள் புரண்டு எழுந்து உட்காரத் தொடங்கிவிட்டாள்; அந்த வயதில் தூளியிலிருந்து விழும் பயமும் உண்டு.

நான்காம் நாள் இடம் மாற்றினோம். தரையில் கெட்டியான மெத்தை, தலையணை இல்லை, மல்லாக்கப் படுக்கவைத்து மெதுவாகத் தட்டுதல். சிணுங்கினால் தட்டினேன், வீறிட்டு அழுதால் தூக்கி, அடங்கியதும் மறுபடி கிடத்தினேன். தோளில் முழுசாகத் தூங்கிய பிறகு கிடத்தினால் பழைய கதைதான். பாதி விழிப்பில் மெத்தையைத் தொட வேண்டும். ஒரு வாரத்தில் தட்டுவதும் குறைந்து, பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும் என்றானது.

தெருச் சத்தத்துக்கு மழை ஓசை வைத்தோம். தலைமாட்டில் போனை வைக்காதீர்கள். குறைந்தது ஏழு அடி தள்ளி, 50 டெசிபலுக்குள் இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசும் குரலை அது அமுக்கினால் சத்தம் அதிகம் என்று பொருள். ஓசை இரவு முழுக்க ஓட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் நிற்பதே எழுப்பிவிடும். இணைய வீடியோ வேண்டாம். நடுவே விளம்பரம் அலறும்.

கட்டிக்கொள்ளப் பொம்மை, துணி எல்லாம் ஒரு வயதுக்கு அப்புறம்தான். அதற்கு முன் முகத்தை மூடி மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. பிறந்தநாள் கழிந்து, என் பழைய பருத்திச் சேலையில் கைக்குட்டை அளவில் இரண்டு துண்டு வெட்டி ஓரம் அடித்தேன். பொத்தான், நாடா எதுவும் இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒன்றே ஒன்று என்றால் துவைக்கும் நாளில் வீடு ரெண்டாகும்.

பழகியதற்கு அடையாளம், எழாமலே இருப்பதல்ல. பதினோராம் இரவு இரண்டு மணிக்கு அவள் புரண்டாள், கண் திறந்தாள், விரலைச் சப்பினாள். நான் எழுந்திருப்பதற்குள் தூங்கிவிட்டாள்.